‘கொண்ட’ என்பதற்கு முன்னால் உள்ள சிதைவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், நம் கோயில் கல்வெட்டுக்கு நீ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வரைவும் வந்து வெகு நாளாயிற்று. பதில் எழுதாததற்கு வீட்டு வேலைகளைச் சாக்காகச் சொன்னால் நீ நம்பமாட்டாய். உண்மையில் உன் வரைவைப் படித்ததும் வந்த கோபம் தணியட்டும் என்றுதான் காத்திருந்தேன். எல்லோரும் நலம். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

இனி சண்டைக்கு வருகிறேன். கல்வெட்டு ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்குகிறது. அடுத்துக் கல் பெயர்ந்திருக்கிறது. அதன்பின் ‘கொண்ட கோப்பரகேசரி’ என்பது தெளிவாக இருக்கிறது. நீ யோசனையே இன்றி ‘மதுரையைக் கொண்ட’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாய். விடை சரி, ஆனால் வழியைக் காட்டாத விடைக்கு நம் கணக்கு வாத்தியார் என்ன மதிப்பெண் கொடுப்பார் என்பது உனக்குத்தான் நன்றாகத் தெரியும்! இங்கே மூன்று சொற்றொடர்களுக்கு இடம் உண்டு. ‘மதிரை கொண்ட’ என்றால் சோழன் முதலாம் பராந்தகன்; ‘மதிரையும் ஈழமும் கொண்ட’ என்றால் அவனே, ஆனால் ஆட்சியின் பிற்பகுதியில்; ‘வீரபாண்டியன் தலை கொண்ட’ என்றால் இரண்டாம் ஆதித்தன். கல்லெழுத்தில் மெய்களுக்குப் புள்ளியில்லை; ‘ரை’ என்பதில் ஐகாரக் குறியைத் தனியே எண்ணினால் ‘மதிரை’ நான்கு வடிவங்களுக்குள் அடங்கிவிடும். மற்ற இரண்டுக்கும் பத்து அல்லது அதற்கு மேல் வேண்டும். பெயர்ந்த இடத்தின் மேலும் கீழும் உள்ள வரிகளை வைத்து அளந்தால் நான்கு வடிவங்களுக்குமேல் கொள்ளாது. ஆகவே பராந்தகன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது நாம் கண்ட எழுத்தன்று, அளந்து நிரப்பிய எழுத்து. எனவே சதுர அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும்.

ஆட்சியாண்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ‘யாண்டு’ என்ற சொல்லுக்குப் பின் ஓரெழுத்து அளவு சிதைந்து, அதன்பின் ‘௰௫ ஆவது’ என்று இருக்கிறது. நீ ‘15’ என்று போட்டுவிட்டாய். பழைய எண் முறையில் இருபது என்பது ‘௨௰’, முப்பது என்பது ‘௩௰’ என்பதை மறந்துவிட்டாயா? சிதைந்த இடத்தில் ௨ இருந்திருந்தால் 25, ௩ இருந்திருந்தால் 35. எழுத்தே இல்லாமல் கல்லின் பழைய பொக்காகவும் இருக்கலாம். கல்வெட்டுவோர் பொக்கைத் தாண்டிச் செதுக்கிய இடங்கள் எத்தனையோ உண்டு. பராந்தகன் 907இல் பட்டமேறினான் என்று கொண்டால், இது ஏறத்தாழ 921ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 941ஆகவும் இருக்கலாம். எழுத்தின் வடிவத்தை வைத்து இருபது ஆண்டு வேறுபாட்டைத் தீர்க்க முடியாது. ‘15 (அல்லது 25, 35)’ என்று எழுதிக் கீழே ஒரு குறிப்புத் தருவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆட்டுக் கணக்கும் அப்படித்தான். ஒரு நந்தாவிளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூ’ என்பதோடு கல் வெட்டுண்டு, மேலே பிற்காலச் சுவர் ஏறிவிட்டது. தொண்ணூறா, தொண்ணூற்றாறா? இடைவெளியை அளக்க வழியில்லை. அடுத்த வரியின் ‘நிசதம் உழக்கு நெய்’ உதவும் என்று முதலில் நினைத்தேன், உதவாது. ஓரிடத்தில் 90 ஆட்டுக்கும் இன்னோரிடத்தில் 96 ஆட்டுக்கும் அதே உழக்குதான். அதே கோயிலின் மற்ற விளக்குக் கொடைகளில் 96 வருவதால் நீ அதைப் போட்டாய் போலும். அது நல்ல ஊகம், குறிப்பில் எழுது. மொழிபெயர்ப்பில் எண்ணாக நின்றுவிட்டால், நாளை ஒருவர் நம் 96ஐயும் சேர்த்து எண்ணி, இக்கோயிலில் 96தான் வழக்கம் என்று நிறுவுவார். அடுத்தவர் அதைச் சான்றாகக் கொண்டு இன்னொரு சிதைவை நிரப்புவார். ஊகம் தனக்குத் தானே சாட்சியாகிவிடும்.

அடைப்பும் புள்ளியும் வாசகரின் கண்ணை உறுத்தும் என்கிறாய். இக்காலத் தமிழில் மூலத்தின் சொல்வரிசையை ஓரளவு காப்பாற்றலாம். சிதைவும் தன் இடத்திலேயே நிற்கும். ஆங்கிலத்திலோ அரசன் பெயர் முன்னுக்கும் ‘கொண்ட’ பின்னுக்கும் போய்விடுவதால், அடைப்பு எந்தச் சொல்லுக்குரியதோ அதனோடு சேர்ந்து நகர வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு குறிப்புக்கும் மூலத்தின் வரி எண்ணைக் கொடு என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். ‘சாவா மூவா’ என்பதையும் சாகாத, மூப்படையாத ஆடுகள் என்று வெறுமனே விட்டுவிடாதே. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையனின் பொறுப்பு என்பதைச் சொல்லாவிட்டால், ஆங்கில வாசகர் தேவலோகத்து ஆடுகள் என்று எண்ணிக்கொள்வார்.

இன்னொரு செய்தி. திருப்பணியின்போது இந்தச் சுவரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஆண்டு எழுத்தின் விளிம்பு மழுங்கியது அதனால்தானோ என்று வயிறு எரிகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களிலும் அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு முன்பு எடுத்த மைப்படி ஏதேனும் இருந்தால், இன்றைய கல்லைவிட அதுவே நமக்கு நம்பகமான சான்று. தேடித்தருமாறு எழுதிக் கேட்டிருக்கிறேன். அது வரும்வரை உன் வரைவை அச்சுக்கு அனுப்பாதே. அனுப்பியே தீருவேன் என்றால், எண்கள் இரண்டையும் அடைப்புக்குள் போட்டுவிட்டு அனுப்பு.

உன்,
பழைய எதிரி