வளைகோட்டின் அடியில் அந்த ஓர் எண்ணையும் அச்சிடுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் கட்டுரையின் கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. முதல் சுற்றில் ஏற்கப்பட்ட கட்டுரை, "ஹிஸ்டோகிராம்களுக்குப் பதில் அடர்த்தி வளைகோடுகளே வெளியிடப்படும்" என்ற உங்கள் புதிய விதிப்படி வரைபடப் பிரிவில் மாற்றி வரையப்பட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனது. அங்கே புதிதாகச் சேர்ந்த மதிப்பீட்டாளர், "படத்தில் ஒரே முகடுதான் இருக்கிறது, நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிகிறார்கள் என்ற முடிவுக்கு ஆதாரமில்லை, அப்பகுதியை நீக்கவும்" என்று எழுதினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கண்ட படத்தில் உண்மையிலேயே ஒரு முகடுதான் இருந்தது. அந்தப் படத்தை நாங்கள் வரையவில்லை என்பதும், அது எவ்வளவு வழவழப்பாக வரும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணான பட்டையகலம் எங்குமே அச்சிடப்படவில்லை என்பதும்தான் என் முறையீடு.

தரவு எளியது. நூறு நோயாளிகள் மருத்துவரைப் பார்க்க எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்பதை என் இளம் சகா ஒருவர் பல வாரங்கள் வாசலிலேயே உட்கார்ந்து குறித்தார். பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுவந்த ஐம்பது பேர் சராசரியாக 20 நிமிடமும், அறிக்கை இல்லாததால் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய ஐம்பது பேர் சராசரியாக 40 நிமிடமும் காத்திருந்தனர். ஒவ்வொரு குழுவின் திட்ட விலக்கமும் ஏறத்தாழ 6 நிமிடம். ஒவ்வொன்றும் இயல்நிலைப் பரவலுக்கு நெருக்கமானது. இரண்டுக்கும் நடுவே, 30 நிமிடத்துக்கு அருகில், அடர்த்தி முகடுகளில் உள்ளதில் பாதிதான். நீங்கள் வெளியிடவிருக்கும் வளைகோட்டின் உச்சியோ சரியாக அந்த 30 நிமிடத்தில் நிற்கிறது. பள்ளம் இருந்த இடத்திலேயே மலையை எழுப்பியிருக்கிறீர்கள்.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கெர்னல் அடர்த்தி மதிப்பீடு என்பது ஒவ்வொரு தரவுப் புள்ளியின்மேலும் ஒரே அளவிலான சிறு மணற்குவியலைக் கொட்டி, எல்லாக் குவியல்களையும் கூட்டிக் கிடைக்கும் மேடுபள்ளத்தைப் படமாக வரைவதுதான். குவியல் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதே பட்டையகலம். குவியலின் வடிவம் காசியனா எப்பனெச்னிகோவா என்பதால் படம் பெரிதாக மாறிவிடாது. பட்டையகலத்தால் எல்லாமே மாறும். காசியன் குவியலைப் பயன்படுத்தினால், திட்ட விலக்கம் 6 உள்ள ஒரு குழு, பட்டையகலம் h ஆக இருக்கும்போது, √(36 + h²) திட்ட விலக்கம் கொண்ட அகன்ற குழுவாகவே கண்ணுக்குத் தெரியும். சம அளவுள்ள இரு இயல்நிலைக் குழுக்களின் கூட்டில் இரண்டு முகடுகள் தெரிய வேண்டுமானால், அவற்றின் சராசரிகளுக்கு இடையேயான தூரம் திட்ட விலக்கத்தைப்போல் இரு மடங்கைத் தாண்ட வேண்டும். எங்கள் தூரம் 20 நிமிடம். ஆகவே அகன்ற திட்ட விலக்கம் 10-ஐ எட்டும் கணத்தில் பள்ளம் தூர்ந்துவிடும். 36 + 64 = 100. எனவே எங்கள் தரவுக்கான வரம்பு, ஏறத்தாழ, h = 8 நிமிடம்.

உங்கள் வரைபடப் பிரிவு எனக்கு அனுப்பிய R மென்பொருள் நிரலில் இருந்த வரி இது:

```r
d <- density(wait, bw = "nrd0", adjust = 2)
```

`nrd0` என்பது சில்வர்மன் 1986இல் எழுதிய கட்டைவிரல் விதி: 0.9 ஐத் திட்ட விலக்கத்தால் பெருக்கி (கால்மான வீச்சை 1.34 ஆல் வகுத்தது அதைவிடச் சிறிதானால் அதனால் பெருக்கி), புள்ளிகளின் எண்ணிக்கையின் ஐந்தாம் மூலத்தால் வகுக்க வேண்டும். தரவு ஒரே இயல்நிலைக் குவியல்போல் இருக்கும் என்ற அனுமானத்திலிருந்து பிறந்த விதி இது. எங்கள் நூறு எண்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்தால் திட்ட விலக்கம் 11.7, குழுக்களுக்குள் இருக்கும் பரவல் 6 மட்டுமே, மீதி இரு குழுக்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியால் வந்தது. அதாவது, எந்த இடைவெளியைக் காட்ட வேண்டுமோ அதே இடைவெளிதான் பட்டையகலத்தை வீங்கவைத்துத் தன்னையே மறைத்துக்கொள்கிறது. விதி தரும் விடை 4.2 நிமிடம். ஒரு குழுவை மட்டும் தனியே எடுத்து அதே விதியைப் போட்டால் 2.5 நிமிடம்தான் வரும். 2.5இல் பள்ளத்தின் உயரம் முகட்டில் சுமார் 60 விழுக்காடு, 4.2இல் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதுவரைகூட இரண்டு முகடுகளும் தெரிகின்றன. `adjust = 2` அதை இரட்டித்து 8.4 ஆக்கியது. வரம்பு 8.

"படம் வழவழப்பாக இருக்கட்டும் என்றுதான் இரண்டால் பெருக்குகிறோம்" என்று பதில் வந்தது. எழுத்துரு எத்தனை புள்ளி இருக்க வேண்டும், அச்சுக்கோட்டின் தடிமன் என்ன, சாம்பல் நிறத்தின் ஆழம் என்ன என்று மூன்று பக்கங்களுக்கு விளக்கும் உங்கள் கையேட்டில் பட்டையகலம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. தயவுசெய்து வளைகோட்டின் அடியில் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

உங்கள் படத்தின் இடது ஓரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிகக் குறைவாகக் காத்திருந்தவர் 8 நிமிடம் காத்திருந்தார். மென்பொருள் வழக்கப்படி கடைசிப் புள்ளிக்கு அப்பாலும் மூன்று பட்டையகலம் தள்ளி வரைவதால், உங்கள் வளைகோடு சுமார் மைனஸ் 17 நிமிடத்தில் தொடங்குகிறது. 8 நிமிடம் காத்திருந்த அந்த ஒருவரின் குவியலில் 17 விழுக்காடு பூஜ்யத்துக்குக் கீழே சரிந்துகிடக்கிறது. மொத்தத்தையும் கூட்டினால், நூறு பேரில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டார்கள் என்பது உங்கள் படத்தின் கூற்று. அவ்வளவு விரைவான சேவையை எங்களால் இதுவரை வழங்க முடியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால், ஹிஸ்டோகிராமுக்குக் கோயில் கட்டச் சொல்லி நான் வரவில்லை. அதை நீங்கள் விலக்கியதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு என்பதை எங்கள் தரவே காட்டும். பிரிவு இடைவெளி 10 நிமிடம் என்று வைத்து, பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், ஆறு பெட்டிகளில் 2, 23, 25, 25, 23, 2 பேர் விழுகிறார்கள்: நடு உயர்ந்த ஒரே மேடை. அதே அகலத்தில், தொடக்கத்தை மட்டும் 5 நிமிடம் நகர்த்தினால் 10, 30, 20, 30, 10: இரண்டு தெளிவான முகடுகள். ஒரு நோயாளிகூட மாறவில்லை. கோடு கிழித்த இடம் மட்டுமே மாறியது. முதல் வகையில் பெட்டிகளின் விளிம்பு சரியாக 20இலும் 40இலும் விழுந்து ஒவ்வொரு குழுவையும் இரண்டாக வெட்டிவிடுகிறது. கெர்னல் முறையில் தொடக்கப் புள்ளி என்ற ஒன்றே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அகலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இரண்டு முறையிலும் அப்படியே நிற்கிறது. ஹிஸ்டோகிராமில் அது பெட்டியின் அகலமாகக் கண்ணெதிரே தெரியும், வாசகர் அளந்துகொள்ளலாம். வழவழப்பான வளைகோட்டில் அது மறைந்துவிடுகிறது. அதனால்தான் அதை எழுத்தில் கேட்கிறேன்.

குறுகிய பட்டையகலம்தான் நேர்மையானது என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் சென்ற இதழில் இதேபோன்ற காத்திருப்பு நேரங்களுக்கு ஏழு முகடுகள் கொண்ட வளைகோடு ஒன்று வெளியாகி, "ஏழு வகை நோயாளிகள்" என்று விவாதிக்கப்பட்டிருந்தது. அந்த முகடுகள் 10, 15, 20, 25 என்று ஐந்தின் மடங்குகளில் வரிசையாக நிற்பதை ஆசிரியர் குழுவில் ஒருவராவது கவனித்திருக்கலாம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பவர் நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்குவது இயல்பு. சம உயரமுள்ள இரண்டு காசியன் குவியல்கள், அவற்றுக்கிடையேயான தூரம் பட்டையகலத்தின் இரு மடங்கைத் தாண்டினால், தனித்தனி முகடுகளாகவே நிற்கும். எனவே 1 நிமிடப் பட்டையகலத்தில் தெரிவது நோயாளிகளின் வகைகள் அல்ல, கடிகாரத்தைப் படித்தவரின் பழக்கம். அந்தப் படத்தின் அடியிலும் பட்டையகலம் இல்லை. ஒரே இதழ், ஒரே விதி. ஓரிடத்தில் இருந்த இரண்டு மறைந்தன, இன்னோரிடத்தில் இல்லாத ஏழு முளைத்தன. இதைத் தர ஒழுங்கு என்று அழைக்கிறீர்கள்.

மன்னிக்கவும், கோபம் எழுத்தில் வந்துவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு அடர்த்தி வளைகோட்டின் அடியிலும் பட்டையகலத்தை அதன் அலகோடு ("h = 4.2 நிமிடம்" என்பதுபோல்) அச்சிடுங்கள். வளைகோட்டின் கீழே தரவுப் புள்ளிகளைச் சிறு கோடுகளாகப் போடுங்கள். நூறு புள்ளிகளுக்கு அது இடத்தை அடைக்காது. முகடுகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு சொல்லும் கட்டுரைகளுக்கு, பாதி, முழு, இரு மடங்கு என மூன்று பட்டையகலங்களில் வரைந்ததைத் துணைப்படமாகக் கேளுங்கள். காசியன் குவியலில் பட்டையகலம் கூடக்கூட முகடுகளின் எண்ணிக்கை குறையுமே தவிர அதிகரிக்காது என்பதால், எந்த அகலத்தில் இரண்டு ஒன்றாகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியும்; 1981இல் சில்வர்மன் முன்வைத்த சோதனை அந்த வரம்பைத்தான் பயன்படுத்துகிறது. எங்கள் கட்டுரையில் அது 8 என்று எழுதியிருந்தால், மதிப்பீட்டாளர் 8.4இல் வரைந்த படத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார். மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் எண்ணை விட்டுவிட விரும்பினால், `bw = "SJ"` என்ற ஷெதர்–ஜோன்ஸ் முறை (1991) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. `nrd0` பழைய வழக்கத்துக்காகவே முன்னமைவாக நீடிக்கிறது, பொதுப் பரிந்துரையாக அல்ல என்று அந்த மென்பொருளின் உதவிப் பக்கமே சொல்கிறது.

இத்துடன் நூறு எண்களையும், 2.5, 4.2, 8.4 ஆகிய மூன்று பட்டையகலங்களில் வரைந்த வளைகோடுகளையும் மீண்டும் இணைத்துள்ளேன். அவற்றை அந்த மதிப்பீட்டாளருக்கு அனுப்பிவைக்கும்படியும், அவருடைய பதில் வரும்வரை அப்பகுதியை நீக்காமல் நிறுத்திவைக்கும்படியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் மூன்றையும் பார்த்த பிறகும் ஒரே முகடுதான் என்று சொன்னால், நானே என் கையால் அப்பகுதியை நீக்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகரும், நிலுவையில் உள்ள கட்டுரையின் ஆசிரியருமான ஒருவர்