முருகேசனுக்குப் பார்வை வர வேண்டாம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு நாளாகக் கேட்டு முடித்தேன். போனை வாசிக்க விட்டுவிட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்தபடியே கேட்டேன். மழை இரவில் முருகேசனும் அவன் அம்மாவும் பேசிக்கொள்ளும் இடம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. அங்கே எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் கடைசிக் காட்சி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நண்பன் விபத்தில் இறக்கிறான். அவன் கண்களை முருகேசனுக்கு வைக்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் எதிரே நிற்பவளைப் பார்த்து, "நீதானே செல்வி?" என்கிறான். இந்தக் காட்சியை நான் சின்ன வயதிலிருந்தே கொட்டகையில் பார்த்து வருகிறேன். இப்போது உன் கையாலும் வந்துவிட்டது.

கண் தானத்தில் முழுக் கண்ணையும் எடுத்து வைப்பதில்லை அம்மா. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் மெல்லிய படலம், கார்னியா என்பார்கள், அதை மட்டும்தான் மாற்றுவார்கள். அது வெளுத்துப்போய்ப் பார்வை இழந்தவருக்குத்தான் பயன். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவருக்கு யார் கண்ணை வைத்தும் பயனில்லை. முருகேசனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை என்று எழுதியிருக்கிறாய், ஏன் இல்லை என்று எழுதவில்லை. சரி, கார்னியாதான் கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கட்டை அவிழ்த்த நிமிஷத்தில் எல்லாம் பளிச்சென்று தெரியாது. தையல் மாதக்கணக்கில் இருக்கும், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும். வைத்த படலத்தை உடம்பு ஏற்காமலும் போகலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், முருகேசனின் மூளை பார்க்கப் பழகியதே இல்லை. பவன் சின்ஹா என்ற விஞ்ஞானி டெல்லியில் 'பிரகாஷ்' என்று ஒரு திட்டம் நடத்துகிறார். பிறந்ததிலிருந்து பார்வை தடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறார்கள். 2011-ல் வந்த முடிவு ஒன்று உனக்கு உதவும். ஒரு பொம்மைக் கட்டையைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு கட்டைகளைக் கண்ணுக்குக் காட்டி எதைத் தொட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை, குத்துமதிப்பாகத்தான் காட்டினார்கள். சில நாள் போன பிறகுதான் அந்தத் திறமை வந்தது. கையில் பிடித்த கட்டைக்கே இந்தப் பாடு என்றால், குரலாக மட்டும் தெரிந்த செல்வியை முருகேசன் எப்படி முகம் பார்த்துக் கண்டுபிடிப்பான்?

மருத்துவம் தப்பு என்பதோடு விஷயம் முடியவில்லை. கென்னி ஃபிரீஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2017-ல் கதைக்காரர்களுக்குச் சில கேள்விகள் வைத்தார். அவரே மாற்றுத்திறனாளி. கதையில் வரும் மாற்றுத்திறனாளிக்கு, மற்றவருக்குப் பாடம் கற்பிப்பதைத் தவிர வேறு வேலை உண்டா என்பது ஒன்று. கடைசியில் அவரைக் குணப்படுத்தியோ கொன்றோ அந்தக் குறையைக் கதையிலிருந்து அழித்துவிடுகிறார்களா என்பது இன்னொன்று. முருகேசனை இந்த இரண்டையும் கேட்டுப் பார். செல்வியின் நல்ல மனதைக் காட்டத்தான் அவன் இருக்கிறான். அவனுக்கென்று ஓர் ஆசை, ஒரு கோபம், ஒரு கடன் பாக்கி எதுவும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. என்னோடு இருபத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பிள்ளை நீ. முருகேசனை என்னிடமிருந்து எடுக்காமல் சினிமாவிலிருந்து எடுத்திருக்கிறாய். அவன் செல்வியின் முகத்தைத் தடவி அழகியா என்று பார்க்கிறான். நான் யார் முகத்தையாவது அப்படித் தடவிப் பார்த்திருக்கிறேனா? அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். நீ ஐந்து வயதிலேயே சரியாகச் செய்தவள். உன் தோள்மேல் நான் கை வைத்துக்கொள்வேன், நீ அரை அடி முன்னால் நடப்பாய். வளர்ந்த பிறகு உன் முழங்கை. பிடிப்பது நான், போகலாமா நிற்கலாமா என்று முடிவெடுப்பதும் நான். அந்த ஒன்றை மாற்றினாலே காட்சி மாறிவிடும்.

முருகேசனுக்கு என் வியாதியையே கொடு. எனக்கு முதலில் வந்தது மாலைக்கண். இருபது வயதில், விளக்கு இல்லாத தெருவில் தடுமாற ஆரம்பித்தேன். பிறகு இரண்டு பக்கமும் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் மிஞ்சியது. விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிற பரம்பரை நோய், என் வகைக்கு இன்றுவரை மருந்து இல்லை. அந்த நடு வட்டம் தெளிவாக இருந்த வருஷங்களில் செய்தித்தாள் படிப்பேன், ஆனால் காலடியில் கிடக்கும் ஸ்டூல் தெரியாது. என் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு காயம் இருக்குமே, நீ மஞ்சள் பூசிவிடுவாயே, அது இதனால்தான்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. ஒருநாள் பேருந்தில் வெள்ளைக்கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நடத்துநர் என் பாஸைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். "பேப்பர் படிக்கிற கண்ணுக்கு பிளைண்ட் பாஸா?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ் மொத்தமும் திரும்பியது. விளக்கம் சொல்ல வாய் வரவில்லை, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் பஸ்ஸில் எதையும் படித்ததில்லை, தெரிந்தும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அவரைக் குறை சொல்லவில்லை. பார்வையற்றவர் என்றால் கறுப்புக் கண்ணாடி, முழு இருட்டு என்று அவருக்குக் காட்டியது திரைதான். இந்தக் காட்சியை நீ எழுது. நானே கொடுத்ததாக வைத்துக்கொள்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாலைக்கண் உள்ளிட்ட குறைகளைக் கேலியாகக் காட்டியதாக ஓர் இந்திப் படத்தின்மேல் போட்ட வழக்கு. நீதிமன்றம் அந்தப் படத்தில் கை வைக்கவில்லை, ஆனால் வழிமுறைகள் வகுத்தது. மாலைக்கண் போன்ற ஒன்றை எடுக்கும்போது மருத்துவ விவரத்தைச் சரிபார்க்க வேண்டும், தப்பாகக் காட்டினால் தப்பான எண்ணம்தான் வேரூன்றும் என்றது. நகைச்சுவை கூடாது என்று சொல்லவில்லை. ஒருவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர் நிலையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்தது. நான் கல்யாண வீட்டில் அலங்காரப் பொம்மைக்கு வணக்கம் வைத்ததை நீ தாராளமாக எழுதலாம். அம்மாவும் நானும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அதில் வந்தால் போதும்.

நடிக்கப் போகிற பையனுக்குக் கோல் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்னால் நீட்டித் தட்டிக்கொண்டே போவதில்லை. வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழும் இடத்தை அது முன்கூட்டியே பார்த்துவிடும். பார்வை குறைந்த நடிகர் ஒருவரே கிடைத்தால் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் அப்படித் தேடிப் பார், அப்புறம் மற்றவர்களைப் பார்க்கலாம்.

கடைசிக் காட்சிக்கு எனக்குத் தெரிந்து ஒரு வழி இருக்கிறது. முருகேசன் அதே பஸ்ஸில் ஏறட்டும், பேப்பரைப் பிரிக்கட்டும். நடத்துநர் என்ன செய்வார் என்பதை நீ யோசி.

திருத்தி எழுதியதும் அனுப்பு. போன தடவை பாதிப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய், போனால் வாசிக்க முடியவில்லை, அம்மாதான் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். இந்தத் தடவை டைப் செய்ததாகவே அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா