தனியாகப் போகும் முதல் வாரம்: எந்த ஊர்?

மேற்கு மாம்பலம்,
சென்னை

அன்புள்ள நித்யாவுக்கு,

பொங்கலுக்கு வந்துவிட்டு, 17ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி இங்கிருந்தே கிளம்பி, அடுத்த ஞாயிறு காலை திரும்புவதாக எழுதியிருந்தாய். அந்தமான், மூணாறு, கொச்சி மூன்றில் எது என்று உன் கேள்வி. ஜனவரியில் மூன்று இடத்திலும் மழைத் தொல்லை பெரும்பாலும் இருக்காது, அதனால் வானிலையை வைத்துக் கழிக்க எதுவும் இல்லை. ஜூலையில் போவதாக இருந்தால் மூன்றையும் சேர்த்தே கழித்திருப்பேன். எது அழகு என்பதையும் கொஞ்சம் ஒதுக்கி வை. தனியாகப் போகிறவள் முதலில் பார்க்க வேண்டியது வேறு: இறங்கிய பிறகு, வண்டி பேசாமல் எவ்வளவு சுற்ற முடியும்?

வண்டிக்காரர் வண்டிக்குத்தான் காசு கேட்பார், ஆளுக்கு இல்லை. நான்கு பேர் பங்கு போட்டால் தெரியாத தொகை, ஒரே ஆள் கொடுக்கும்போது கையைக் கடிக்கும். மூணாறில் சிக்கல் இதுதான். மாட்டுப்பட்டி ஒரு பக்கம், இரவிகுளம் இன்னொரு பக்கம், டாப் ஸ்டேஷன் போக மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல். கேஎஸ்ஆர்டிசி சுற்றுலா பஸ் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு நாள் போய் வந்தபின் மீதி ஐந்து நாளைக்கு ஆட்டோவோ ஜீப்போ பேச வேண்டும். இன்னொன்று, ‘மூணாறு’ என்று போட்டிருக்கும் பல ரிசார்ட்டுகள் சித்திராபுரத்திலும் ஆனச்சாலிலும் இருக்கின்றன. டவுனிலிருந்து 10, 15 கிலோமீட்டர். படத்தில் தேயிலைத் தோட்டம் மட்டும் தெரிந்து, பக்கத்தில் ஒரு கடைகூட இல்லையென்றால் சந்தேகப்படு. மேப்பில் அந்த இடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ‘நடந்து’ என்று போட்டுப் பார். அரை மணிக்கு மேல் காட்டினால், இருட்டின பிறகு நீ அறைக்குள்ளேயேதான் இருப்பாய். மலையில் இருட்டும் சீக்கிரம் வரும், குளிரும் சேர்ந்து வரும்.

அந்தமானில் பணத்தைவிட நேரம்தான் கரையும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் என்றதும் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் நீ ஆசைப்படும் ஹேவ்லாக் தீவின் கடற்கரைக்கு போர்ட் பிளேரிலிருந்து கப்பல் பிடிக்க வேண்டும். அறையைக் காலி செய்து, ஜெட்டிக்கு முன்கூட்டியே போய்க் காத்திருந்து, கப்பலில் ஒன்றரை இரண்டு மணி நேரம் போய், அங்கே மறுபடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அரை நாள் போய்விடும். தீவு மாறும் ஒவ்வொரு தடவையும் இதே கணக்கு. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி ராத்திரியைக் கட்டாயம் போர்ட் பிளேரில்தான் கழிக்க வேண்டும், இல்லையென்றால் விமானம் போய்விடும். ஸ்கூபா செய்தாலும், கடைசியாக முங்கி எழுந்து 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம். ஆக ஏழு நாளில் கடலுக்கென்று மிஞ்சுவது நான்கு. அதிலும் அங்கே ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். கெட்ட இடம் என்று சொல்லவில்லை, இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்.

அதனால் நான் சொல்வது கொச்சி. ஊருக்குள் நுழைவதே சுலபம். சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம். புது ஊரில் வெளிச்சத்தில் போய் இறங்குவது தனியாளுக்குப் பெரிய வசதி. அறை தயாராக இல்லையென்றாலும் பையை வைத்துவிட்டு வெளியே போகலாம், அறை சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளப் பகல் முழுவதும் இருக்கிறது.

தங்குவதை எர்ணாகுளத்தில் வைக்காதே, ஃபோர்ட் கொச்சியில் வை. ஆறு ராத்திரியும் ஒரே அறை. அங்கிருந்து சீன வலை, பழைய சர்ச்சுகள், கடற்கரை எல்லாம் நடை தூரம். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போனாலும் சின்னத் தொகைதான். எர்ணாகுளத்துக்குப் படகும் வாட்டர் மெட்ரோவும் ஓடுகின்றன, அவற்றில் ஆளுக்குத்தான் டிக்கெட். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை கிடையாது, யூத ஆலயம் சனிக்கிழமை கிடையாது. இரண்டும் ஒரே பகுதியில்தான், திங்களிலிருந்து வியாழனுக்குள் முடித்துவிடு.

சாயங்காலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தனியாகப் போகிறவர்களுக்கு மூன்றாம் நாள் ஆறு மணிக்குத்தான் சோர்வு தட்டும்: பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, பேச ஆளில்லை, சாப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஊரில் ஏதாவது நடக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் கதகளி அரங்குகள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒப்பனை போடுவதைப் பார்க்க விடுவார்கள், என்னைக் கேட்டால் ஆட்டத்தைவிட அதுதான் அருமை.

ஹவுஸ்போட் ஆசை இருக்கும், தெரியும். அதை விடு. ஒரே அறையுள்ள சின்னப் படகுக்கும் இரண்டு பேர் காசை நீ ஒருத்தி கட்ட வேண்டும். மத்தியானம் ஏற்றிக்கொண்டு, மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் சாயங்காலமே கரையில் கட்டிவிடுவார்கள். ராத்திரி முழுக்க நின்ற படகில், தெரியாத சிப்பந்திகளோடு நீ தனியாக இருப்பாய். அதற்குப் பதில் ஒரு நாள் காலையில் ஆலப்புழா போய், ஜெட்டியிலிருந்து கோட்டயம் போகும் அரசுப் படகில் ஏறு. அதே காயல், இரண்டரை மணி நேரம், ஊர்க்காரர்களோடு பஸ் டிக்கெட் மாதிரி ஒரு கட்டணம். கோட்டயத்திலிருந்து ரயிலில் எர்ணாகுளம் திரும்பிவிடலாம். ஆகாயத்தாமரை அடைத்தால் படகு வழி மாறும், சில சமயம் ஓடாது. ஜெட்டியில் கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்.

அறை பார்க்கும்போது, ஒரு ஆளுக்கு என்று போட்டும் இருவர் வாடகையே காட்டினால், பெண்களுக்கென்று தனி டார்மிட்டரி உள்ள ஹாஸ்டலையும் பார். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, தனியாக வந்த பெண்கள் எழுதியதை மட்டும் படி. காசு பிடிக்காமல் ரத்து செய்ய எந்தத் தேதி வரை விடுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்.

ரயிலுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும். 17ஆம் தேதி டிக்கெட் நவம்பர் 18 காலை 8 மணிக்கு. நிறைய பேர் அன்றைக்கே நிம்மதியாகிவிடுகிறார்கள், திரும்பும் டிக்கெட் ஒரு வாரம் கழித்துத்தான் திறக்கும் என்பதை மறந்து. உன்னுடையது 24ஆம் தேதி ராத்திரி வண்டி, அது நவம்பர் 25. மகரவிளக்கு முடிந்து ஐயப்ப பக்தர்கள் திரும்பும் கூட்டம் இன்னும் மிச்சமிருக்கும் வாரம், தத்கலை நம்பாதே. உன் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவிடு, திறக்கும் நேரத்தில் இணைக்காத கணக்கை உள்ளே விடாது.

போக டிக்கெட் கிடைத்து வர டிக்கெட் வெயிட்டிங்கில் நின்றால், அறை ரத்துத் தேதிக்கு முன்னால் எனக்கு போன் பண்ணு. எர்ணாகுளத்திலிருந்து கோயம்புத்தூர் வந்து, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் வர முடியுமா என்று நேரம் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா