பருவ நிறைவும் தைப் பருவச் சேர்க்கையும்: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் இன்று காலையிலிருந்து தூறல். வகுப்பு இல்லாத சனிக்கிழமை என்பதால் மாடி அறை அமைதியாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நம் இணையவழித் தமிழ் வகுப்புகளின் இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. திட்டமிட்ட 14 வகுப்புகளில் 12 நடந்தன. மழையில் மின்சாரம் போய் விட்டுப்போன இரண்டு பாடங்களையும் ஜனவரியில் சேர்த்து நடத்துவோம். முதல் நிலைப் பிள்ளைகள் உயிர்மெய் வரிசையை முடித்துவிட்டார்கள். திருக்குறள் ஒப்பித்தலில் எல்லாரும் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் மாறியபோது நியூ ஜெர்சி வகுப்பு உங்களுக்கு அதே காலை 9.30 ஆகவே இருந்தது. எங்களுக்கு இரவு 7 மணி 8 மணியாயிற்று. முகம் சுளிக்காமல் நேரத்தை மாற்றிக்கொண்ட தன்னார்வ ஆசிரியர்களுக்கு நன்றி.

அப்புறம், ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஒரே திரையின் முன் அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று இரண்டு பிள்ளைகள் உட்காருவது பற்றி.

அந்தத் தாயின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அக்காவுக்கு 11 வயது, தம்பிக்கு 7. இருவரையும் முறையாகச் சேர்த்து, கட்டணமும் சரியாகச் செலுத்தியவர்கள். "ஒரே நேரத்தில் முடிந்தால் எனக்கு வசதி" என்று அம்மா கேட்டதால் இருவரையும் இரண்டாம் நிலையிலேயே உட்கார வைத்தோம். அது என் தவறு. பதிவேட்டில் தம்பிக்கு 12-க்கு 11 நாள் வருகை. எங்கள் ஆசிரியர்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு ஆசிரியர்களும் "நன்றாக வாசிக்கிறான்" என்றுதான் குறித்திருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. தம்பி "மரத்தில் குருவி கூடு கட்டியது" என்று ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தான். அவருக்கு என்ன தோன்றியதோ, "சரிடா கண்ணு, இப்போ கடைசி வார்த்தையிலிருந்து திருப்பி வாசி" என்றார். பையன் 'கட்டியது' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, "மரத்தில்" என்றான். அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தி, "குருவி" என்றான். அத்தனை வாரமும் அக்கா வாசிப்பதைக் காதால் கேட்டு மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறான். எழுத்தைப் பார்த்து வாசிக்கவே இல்லை. 'கொ' என்று தனியாக எழுதிக் காட்டியதும் அக்காவின் முகத்தைப் பார்த்தான், அவள் வாயசைத்தாள். ஒரே மைக் வழியாக இரண்டு குரல் வரும்போது, எந்தப் பதில் யாருடையது என்று இங்கிருந்து எங்களுக்குத் தெரிவதில்லை.

குறை அந்தப் பையனுடையது இல்லை. கெட்டிக்காரன் என்பதால்தான் அவ்வளவையும் காதாலேயே பிடித்துக்கொண்டான். ஆனால் ஒரு பருவம் போய்விட்டது. ஜனவரியில் அவன் முதல் நிலையில் 'க, கா'விலிருந்து மறுபடி தொடங்குகிறான்.

இதில் ஆசிரியர் சுழற்சியும் சேர்ந்துகொள்கிறது. எங்களிடம் சம்பளத்துக்கு யாரும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். இவர்களை ஆண்டு முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வரச் சொல்ல முடியாது. நான்கு வாரம் எடுத்து நான்கு வாரம் ஓய்ந்தால்தான் தாங்கும். புதிதாக வருபவருக்கு உங்கள் பிள்ளையைப் பற்றித் தெரிவது பதிவேட்டில் இருக்கும் ஒரு வரிதான்: 'ல, ள குழப்பம்', 'கொம்பு வந்தால் தடுமாறுகிறாள்' என்பது மாதிரி. திரையில் "iPad" என்று மட்டுமோ அப்பாவின் பெயரோ இருந்து, பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தால், அந்த வரியை யாருக்கு எழுதுவது?

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் வருகைக்கும் பழைய பாடத்துக்கும் 10 நிமிடம், புதுப் பாடத்துக்கு 10 நிமிடம். மிச்சம் 40 நிமிடம். எட்டுப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய்விட்டு வாசிக்கலாம். வகுப்புக்கு எட்டுப் பேர் என்று வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். போன பருவத்தில் ஒரு வகுப்பில் எட்டுத் திரை, பதினொரு பிள்ளைகள். ஒருவருக்கு நான்கு நிமிடம்கூடத் தேறவில்லை.

அந்த அதிகப்படியான மூவரின் பெயர் பதிவேட்டிலேயே இல்லை. "சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்" என்று நினைத்திருப்பீர்கள், புரிகிறது. இருந்தாலும் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேர்க்காத பிள்ளையை ஒரே கட்டணத்தில் உட்கார வைப்பது, முறையாகச் சேர்ந்த எட்டுப் பிள்ளைகளின் நிமிடங்களை எடுத்துக் கொடுப்பது. தைப் பருவத்திலிருந்து இதை அனுமதிக்க மாட்டோம். பெயர் பதிவாகாத பிள்ளைக்கு வாசிக்க முறை வராது, பருவத் தேர்வும் கிடையாது.

உடன்பிறந்தார் கட்டணம் முன்பு போலத்தான். முதல் பிள்ளைக்கு முழுக் கட்டணம், இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்கு இல்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் புத்தகத்துக்கென்று நாங்கள் எதுவும் வாங்குவதில்லை. உங்கள் பணம் ஜூம் கணக்குக்கும், இரட்டைக்கோடு நோட்டுகளின் தபால் செலவுக்கும், ஆசிரியர்களின் போக்குவரத்துக்கும் போகிறது. பாதிக் கட்டணமும் இப்போது சிரமம் என்றால் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். காரணம் கேட்க மாட்டேன். பணத்தால் இங்கே எந்தப் பிள்ளையும் நின்றதில்லை.

வருகை குறிக்கும் முறையையும் மாற்றுகிறோம். இணைப்பில் நுழைந்தால் மட்டும் 'வ' விழாது. தன் முறை வந்தபோது தானே வாசித்த பிள்ளைக்கு 'வா', உட்கார்ந்து கேட்டதோடு சரி என்றால் 'கே'. தொடர்ந்து மூன்று 'கே' விழுந்தால் உங்களை அழைத்துப் பேசுவோம். தண்டனையாக நினைக்க வேண்டாம். கூச்சமா, நிலை ஒத்துவரவில்லையா, மைக் கோளாறா என்று பார்ப்பதற்குத்தான்.

வீட்டில் ஒரு மடிக்கணினிதான் இருக்கிறது என்றால், இளைய பிள்ளை உங்கள் கைபேசியில் சேரலாம். ஆனால் வேறு அறையில் உட்கார வையுங்கள்; ஒரே அறையில் இரண்டு கருவிகள் இருந்தால் எதிரொலி வந்து யார் பேசுவதும் கேட்காது. அதுவும் முடியாத வீடுகளுக்காக முதல் நிலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பைத் தொடங்குகிறோம். திரைப் பெயரில் பிள்ளையின் பெயரும் நிலையும் இருக்கட்டும். பதில் தெரியாமல் பிள்ளை விழித்தால், அக்காவையும் சொல்ல விடாதீர்கள், நீங்களும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த மௌனத்தில்தான் எங்களுக்கு அதன் தடுமாற்றம் தெரியும்.

வாரம் முழுக்க வேலைக்கு ஓடி, சனிக்கிழமை காலையாவது கொஞ்சம் தூங்கலாம் என்றிருக்கும் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, தலை வாரி, திரை முன் உட்கார வைக்கிறீர்கள். அது சின்ன வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். நடந்ததை மற்ற பெற்றோருக்குச் சொல்லலாம் என்று சம்மதித்த அந்தத் தாய்க்குத் தனி நன்றி. தம்பி இப்போது தினமும் பாட்டிக்கு வாட்ஸாப்பில் ஒரு சொல் எழுதி அனுப்புகிறானாம். நேற்று வந்தது 'கொக்கு'.

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் சேர்க்கைப் படிவத்தை அதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சென்னை