படலையில் சொல்லும் சொல்

வட்டக்கச்சி
மாசி மாதம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் சுகம். நீயும் சின்னவனும் மருமகனும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மன் துணை. காலபோக வெட்டு முடிந்துவிட்டது, நெல்லை மாமா வீட்டில் போட்டிருக்கிறது. விலையைப் பற்றி எழுதி உன்னைக் கவலைப்படுத்த விருப்பமில்லை. காலுறை போடாமல் வெளியில் இறங்காதே. இருமல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி, சின்னவனுக்கும் கொஞ்சம் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுத்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. வைக்கும்போது "சரியம்மா, டேக் கேர்" என்றாய். முந்தி அப்படிச் சொல்லமாட்டாய். "வைக்கட்டேம்மா, பிறகு எடுக்கிறன்" என்பாய், நான் "ஓம் பிள்ளை, எடு" என்பேன். அதற்குப் பிறகுதான் வைப்பாய். ஒன்பது வருடமும் அப்படித்தான். கார்த்திகைக்குப் பிறகு அந்த "பிறகு எடுக்கிறன்" எங்கேயோ போய்விட்டது.

டேக் கேர் நல்ல சொல்தான். எங்களுக்கும் "கவனம்" இருக்கிறது. ஆனால் பார், நாங்கள் கவனத்தை யாருக்குச் சொல்கிறோம்? வீட்டில் இருப்பவர் வெளிக்கிடுகிறவருக்குச் சொல்வது அது. பெரியவர் சிறியவருக்குச் சொல்வது. "கவனமாய்ப் போ" என்றால் வழிக்கு, "கவனமாய் இரு" என்றால் வருத்தக்காரருக்கு. பிள்ளை தாய்க்குச் சொல்வதென்றால் "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லும். நீ எனக்குக் கவனம் சொன்னபோது, நான் எங்கேயோ போகிறவள் போலவும் நீ என்னை வழியனுப்புகிறவள் போலவும் இருந்தது. அங்கே பழகிய பழக்கமாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வைத்த பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

சின்னவன் "ஹா டெ, அம்மம்மா" என்கிறான். நீ ஒருமுறை அதற்கு விளக்கம் சொன்னாய், நான் மறக்கவில்லை. ஹா டெ ப்ரா என்பதைச் சுருக்கினால் ஹா டெ, நன்றாக இரு என்ற கருத்து. வி சேஸ் என்றால் திரும்பவும் ஒருவரையொருவர் காண்போம். ஒஸ்லோவில் கடைக்காரருக்கும் ஹா டெ சொல்லலாம், ஆனால் திரும்பக் காணப்போகிறவருக்குத்தான் வி சேஸ் பொருந்தும் என்றும் சொன்னாய். அவனுக்கு அந்த இரண்டாவதைப் பழக்கு. அதைவிட எங்கள் சொல்லைப் பழக்கு. "போட்டு வாறன் அம்மம்மா" என்று அவன் வாயால் ஒருநாள் கேட்க வேண்டும். நோர்வேஜிய மொழியில் நீ சோதனை பாஸ்பண்ணி, அங்கே வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறாய் என்று இந்த ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு படித்த பிள்ளைக்கு இது பெரிய வேலையா?

போட்டு வாறன் என்பதில் இரண்டு வினை இருக்கிறது. போவதைச் சொல்லி அதிலேயே நிற்பதில்லை, வருவதையும் சேர்த்துச் சொல்லித்தான் வாசலைத் தாண்டுகிறோம். "போறன்" என்று தனியாகச் சொன்னால் அம்மம்மா எப்படித் திட்டுவா என்று உனக்குத் தெரியும். "போறன் எண்டு சொல்லாதை, வாறன் எண்டு சொல்லு" என்று படலைவரை வந்துவிடுவா. வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கை போறாய்" என்றும் கேட்க விடமாட்டா, "தூரவோ" என்றுதான் கேட்க வேண்டும். போகிற இடத்தின் பெயர்கூட வெளியில் வரத் தேவையில்லை, திரும்பி வந்தால் போதும் என்பது அவவின் கணக்கு.

வரட்டே என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னும் நுணுக்கம். "அப்ப நான் வரட்டே?" என்றால் போக உத்தரவு கேட்கிறோம், கேட்பது வருவதற்கு. யாராவது "ஓம், போட்டு வா" என்று சொல்லும்வரை அது முடியாது. உன் பெரியம்மா ஒரு வீட்டுக்குப் போனால் மூன்று முறை வரட்டே கேட்பா. கதிரையில் இருந்தபடி ஒருமுறை. அதற்கு யாரும் ஓம் சொல்லக்கூடாது, "இருங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்ல வேண்டும். விறாந்தையில் எழுந்து நின்று இன்னொருமுறை. மூன்றாவது படலையில் கை வைத்துக்கொண்டு, அதுதான் உண்மையான வரட்டே. உண்மையான கதையும் அங்கேதான் வரும். கடன், வருத்தம், பிள்ளைகளின் பிரச்சினை எல்லாவற்றையும் மனுசர் படலையில்தான் அவிழ்ப்பார்கள். முதல் வரட்டேக்கே ஓம் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தக் கதையைக் கேட்கவே முடியாது. தொலைபேசிக்குப் படலை இல்லாதது எனக்குப் பெரிய குறை. நீ ஒரு டேக் கேரோடு வைத்துவிடுகிறாய்.

சரி, இதையும் எழுதிவிடுகிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வருவீர்களோ என்று கேட்டேன். "பாப்பம்" என்றாய். பாப்பம் என்பதை நான் எடை போட்டுத்தான் கேட்பேன். "நாளைக்குப் பாப்பம்" என்றால் நாளைக்குச் சந்திப்போம். "பின்னேரம் பாப்பம்" என்றாலும் அப்படித்தான். பொழுதோ நாளோ முன்னால் வந்தால் அது சொல் கொடுத்த மாதிரி. ஒன்றும் சேர்க்காமல் வெறும் பாப்பம் என்றால் முடிவு சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம். "பேந்து பாப்பம்" என்றால் அநேகமாக நடக்காது. கடன் கேட்டவருக்கும், பிடிக்காத சம்பந்தம் கொண்டு வந்தவருக்கும் நாங்கள் சொல்வது அதுதான். உன் பாப்பத்துக்கு முன்னால் மாதமும் இல்லை, கிழமையும் இல்லை. வரமுடியாது என்று சொன்னால்கூட எனக்கு விளங்கும். டிக்கெட் விலை தெரியும், லீவு கிடைக்காது என்பதும் தெரியும்.

போன கிழமை அடுத்த வளவு ஆச்சி செத்துப்போனா. சுவிஸிலிருந்து பேத்தி வந்திருந்தாள், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. எல்லோரிடமும் மரியாதையாகப் போய், கையைப் பிடித்து, "போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லையே. திரும்பவும் இப்படி ஒன்றுக்கு வருகிறேன் என்பது போல ஆகிவிடும். சொல்லாமல்தான் எழும்பி வர வேண்டும், கண்ணால் காட்டினால் போதும். ஒரு கிழவி சத்தம் போட வாயெடுத்தா. நான் அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்துப் படலைக்கு வெளியில் கூட்டிப்போய்ச் சொன்னேன். பாவம், அழுதுவிட்டாள். நல்ல சொல்லாகப் பார்த்துத்தானே சொன்னாள், இடம்தான் பிழைத்துவிட்டது. வைத்தியசாலையால் துண்டு வெட்டி வரும்போதும் நான் யாருக்கும் வாறன் சொல்வதில்லை. நீ அங்கே வேலை செய்கிறாய், உன் நோயாளிகள் என்ன சொல்லிப் போவார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்தபோது உன் நினைவுதான் வந்தது. சொல்லாமல் எழும்பி வருவது செத்தவீட்டில் மட்டும்தான் பிள்ளை. மற்ற எந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளிக்கிட்டாலும் ஒரு சொல் இருக்க வேண்டும்.

முந்தி நீ எடுக்கும் நேரத்தில் மருமகன் வேலைக்கு இறங்குவார். பின்னால் நின்று "மாமி, வாறன்" என்று கத்துவார். கதவு சாத்தும் சத்தமும் கேட்கும். அந்த வாறன் எனக்குச் சொன்னதா உனக்குச் சொன்னதா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை, கேட்டால் நிம்மதியாக இருக்கும். கார்த்திகைக்குப் பிறகு அதையும் கேட்கவில்லை. வேலை நேரம் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் சரி. காலுறையை மறக்காதே.

நான் ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி எழுதினேன் போலிருக்கிறது.

நீ வெளிக்கிட்ட அன்று இரவு வேன் வந்து நின்றது. நீ காலில் விழுந்து எழும்பி, "அம்மா, வரட்டே" என்று கேட்டாய். நான் "போ" என்றேன். "போ பிள்ளை, இனி அதுதான் உன்ர வீடு, என்ன நடந்தாலும் அங்கைதான்" என்றேன். பெரியம்மா என் கையைக் கிள்ளி "போட்டு வா எண்டு சொல்லடி" என்றா. நான் சொல்லவில்லை. நீ வேனுக்குள் இருந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தாய். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று இப்போது எழுதுகிறேன். 2009 பங்குனியில் மாத்தளனில் அப்பா தண்ணீர்க் கானோடு வெளியில் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று உனக்குத் தெரியும், நீ என் மடியில் இருந்தாய். நானும் "ஓம், போட்டு வாங்கோ" என்றுதான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவே மாட்டேன் என்றது. கடைக்குப் போகிற உன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டேன், தலையை மட்டும் ஆட்டுவேன். வா என்று சொன்னால் வராமல் போய்விடுவாயோ என்று பயம். போ என்று சொன்னால் போன இடத்திலாவது உயிரோடு இருப்பாய் என்று நினைத்தேன். அதை உனக்கு நான் சொல்லவில்லை. நீ என்னவென்று எடுத்திருப்பாய்? அம்மா கதவைச் சாத்திவிட்டா என்றுதானே எடுத்திருப்பாய். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வேறென்ன நினைக்கும்?

தாய் கொடுக்க வேண்டிய மறுமொழியை நான் கொடுக்கவில்லை. வரட்டே என்று நீ கேட்டது ஒன்பது வருடமாக அப்படியே நிற்கிறது. அது என் பிழை, உன்னுடையது இல்லை. அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அங்கேதான் இரு என்று சொன்னதும் என் பிழை. அதை நீ சட்டமாக எடுத்துக்கொண்டு இருந்தால் இன்றைக்கே விட்டுவிடு.

உன் அறையில் நெல்மூட்டை போடவில்லை. சின்னவனுக்கு நுளம்புவலை வாங்கி வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எடு. சின்னவன் நித்திரையான பிறகு எடு, எனக்கு எந்த நேரமும் சரி, இங்கே விடியப்புறமாக இருந்தாலும் பரவாயில்லை. டேக் கேர் வேண்டாம். கடைசியில் "அம்மா, வரட்டே" என்று கேள். அதை எந்தக் கருத்தில் கேட்டாலும் சரி, போனை வைக்கக் கேட்டாலும் சரி, வீட்டுக்கு வரக் கேட்டாலும் சரி. நான் ஓம் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா