ட்ரான்ஸ்போமர் கதை

மச்சான்,

எட்டு மாசமா ஒரு வரி எழுதல்ல, நீயும் எழுதல்ல, அதால ரெண்டு பேருக்கும் சமன். கோவிக்காத. அம்மாட கால் பறவாயில்ல, வெள்ளாமை இந்தப் போகம் நல்லம், மொட்டையன் இன்னும் கலியாணம் கட்டல்ல. சுகச் செய்தி அவ்வளவுதான், மறுகா உண்மையான விசயத்துக்கு வாறன், நீ கட்டாரில பனல் போர்ட் வேலை செய்யிறவன், உன்னட்ட சொல்லாம நான் ஆரிட்ட சொல்றது.

மில்லுக்கு புது மிசின் போட்டேன்டா. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் இப்ப வெள்ளை வெளேரெண்டு அரிசி கேக்கிறாங்க, கறுப்பு மணி ஒண்டு கிடந்தாலும் மூட்டையத் திருப்பி அனுப்பிறாங்க. அதால 30 எச்பி பொலிஷர் ஒண்டு, கலர் சோட்டரும் அதுக்குரிய கொம்பிரசரும் சேத்து 10 எச்பி, புது எலிவேற்றர் ஒண்டு 2 எச்பி. பழையது கிடந்தது 35 எச்பி, மொத்தம் 77. என்ட கணக்கு ஆக இவ்வளவுதான்: காசு இருக்கா, மிசின் வந்துதா, ஸ்விட்ச் போட்டனா. கரண்ட் எங்கிருந்து வருது எண்டு யோசிக்கேல்ல.

என்ட லைன் மூண்டு பேஸ் 60 அம்பியர், தெரியும்தானே. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டா ரெண்டு மூண்டு நிமிசம் ஓடும், அப்புறம் "டப்" எண்டு பிறேக்கர் விழும். தூக்குவன், திருப்பி விழும். பிறகு ஒண்டை நிப்பாட்டி ஒண்டை ஓட்டி சமாளிச்சன், அதிலயும் பொலிஷர் மோட்டர் ஒரு நாள் வார்னிஷ் மணம் அடிச்சு எரிஞ்சு போச்சு. ரிவைண்டிங் கடைக்காரர் கறுத்த சுருளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார், "ஓவர்லோட் றிலேட டயலை ஆரு தம்பி கடைசி வரைக்கும் திருப்பினது?" ஆரு, நாந்தான். அடிக்கடி விழுதெண்டு கோவத்தில திருப்பினன். சிரிக்காத.

அதுக்குப் பிறகுதான் கடிதம் எழுதினன். மின்சார சபை பகுதிப் பொறியியலாளருக்கு, "எமது ஆலையில் 77 குதிரைவலு இயந்திரங்கள் உள்ளபடியால் சந்தியிலுள்ள மின்மாற்றியின் கொள்ளளவை அதிகரித்துத் தருமாறு தாழ்மையுடன்" எண்டு நாலு பந்தி. சின்ன மாமாட தமிழ், தெரியும்தானே, ரெண்டு தடவை வேற "தாழ்மையுடன்". இஞ்சினியர் நல்ல மனிசன், கிளாம்ப் மீட்டரோட நேரில வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எச்பி வேணாம், உங்கட உச்ச கேள்வி எத்தின கேவிஏ?" நான் முழிச்சன். ஒரே நேரத்தில ஆகக் கூட எவ்வளவு இழுப்பன் எண்டதைத்தான் மனிசன் கேட்டிருக்கிறார்.

அவர் சொன்னதை நான் விளங்கின மாதிரி சொல்றன், பிழை எண்டா திருத்து. 77 எச்பி எண்டா 57 கிலோவோட். ஆனா மோட்டரெல்லாம் பலகையில எழுதின அளவுக்கு இழுக்காது, எம்பது வீதம் எண்டு வச்சா 46. மோட்டருக்குள்ள நட்டமாப் போறதையும் கூட்டினா லைனில இருந்து 52 கிலோவோட். இனி பவர் ஃபக்டர், இழுக்கிற கேவிஏல உண்மையா வேலைக்குப் போற பங்கு: கபாசிட்டர் இல்லாத எனக்கு அது 0.8 மட்டில, அதால 52 ஐ 0.8 ஆல பிரிச்சா 65 கேவிஏ, அண்ணளவா 94 அம்பியர். 60 அம்பியர் லைன் தாங்கிறது 42 கேவிஏ கூட இல்ல. பிறேக்கர் விழாம எப்பிடி! கபாசிட்டர் போட்டு 0.95க்கு ஏத்தினா அதே மிசினெல்லாம் 55 கேவிஏல ஓடும், பத்துக் கேவிஏ சும்மா மிச்சம்.

இதைவிட எனக்கு உறைச்சது வேற விசயம். பெரிய ட்ரான்ஸ்போமர் வந்தா வோல்டேஜ் சரியாகும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். அவர் ஒரு பொடியனை சந்தி ட்ரான்ஸ்போமரடிக்கு மீட்டரோட அனுப்பி, போனில பேசிப் பேசி ஒரே நேரத்தில ரெண்டு இடமும் அளந்தார். நான் இங்க எல்லாத்தையும் போட்டு பிறேக்கர் விழ முதல் பாத்தா, அங்க 398 வோல்ட், என்ட மெயின் போர்டில 361. சபைக் கணக்கு 400க்கு ஆறு வீதம் கூடக்குறையத்தான், 376க்குக் கீழ போகக்கூடாது. ட்ரான்ஸ்போமரடியில விழாம என்னட்ட மட்டும் விழுந்தா, நோய் ட்ரான்ஸ்போமரில இல்ல, நடுவில கிடக்கிற நானூறு மீற்றர் கம்பியில. சந்தியில 250 கேவிஏ கொண்டாந்து வச்சாலும் அந்தக் கம்பியில 37 வோல்ட் கரைஞ்சுதான் வரும். ரெண்டு இடத்திலயும் விழுந்திருந்தா கதை வேற, அப்ப நான் கேட்டது சரியாயிருக்கும்.

பக்கத்து வளவு அக்கா, "தம்பி, உங்கட மில்லு போட்டா எங்கட ஃபேன் தூங்குது" எண்டு சொன்னது எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. அவட ஃபேனும் அதே கம்பியிலதான். வெட்கமாப் போச்சு, மனே.

மில்லுக்குப் பின்னால வயலால 33 ஆயிரம் வோல்ட் லைன் போகுது, நாம சின்னனில கொக்குக்குக் கல்லெறிஞ்ச இடம். அதில இருந்து எடுத்து மில்லடியிலயே 100 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒண்டு வைச்சா கம்பித் தூரமும் போகும், ஊர் லைனும் தப்பும். 65 தேவைக்கு 100 நல்லாப் போதும், பிறகு ஒரு சின்ன மிசின் போடவும் இடம் இருக்கும். 42 கேவிஏக்கு மேல எண்டா மொத்த வழங்கல் எண்டு பெரிய பாவனைக்காரர்ட கணக்கில போகும், அதுக்கு பில்லும் வேற மாதிரி: யூனிட்டுக்கும் காசு, மாசத்தில எந்தப் பதினஞ்சு நிமிசம் ஆகக் கூட இழுத்தியோ அந்தக் கேவிஏக்கும் தனிக் காசு. ஒரு நாள் ஒரு காலம்பற எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு ஓட்டினா மாசம் முழுக்க அதுக்குக் கட்டணும். பின்னேரம் ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில யூனிட் விலையும் கூட, அதால அந்த நேரம் மில்லுப் பூட்டு. பொடியங்களுக்கு சந்தோசம்.

கடிதத்தைப் புதுசா எழுதினன், இதப் பார்:

"எமது ஆலையின் தற்போதைய 60 அம்பியர் மூன்று கட்ட இணைப்பை 100 கேவிஏ மொத்த வழங்கலாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எதிர்பார்க்கும் உச்ச கேள்வி 65 கேவிஏ. மின்வலுக் காரணியை உயர்த்தக் கபாசிட்டர் பொருத்தவுள்ளேன். மிகப்பெரிய மோட்டர் 30 குதிரைவலு, ஸ்டார்-டெல்டா முறையில் இயக்கப்படும். இயந்திரப் பட்டியலும், மின்மாற்றி அமையக்கூடிய இடத்தின் வரைபடமும் இணைத்துள்ளேன். மதிப்பீட்டை அறியத் தரவும்."

ஸ்டார்-டெல்டாவை அவர்தான் எழுதச் சொன்னார். அந்த மோட்டர் ஓடேக்க நாப்பது அம்பியர், நேரடியாப் போட்டா தொடங்கிற நேரம் அதின்ட ஆறு மடங்கு இழுக்கும், ஸ்டாரில போட்டா அதில மூண்டில ஒரு பங்கு. நான் முதல் நேரடியாத்தான் போட்டன். கேக்காத.

மதிப்பீடு இன்னும் வரல்ல. உன்னட்டக் கேக்கிறது ரெண்டு. கபாசிட்டரை நிரந்தரமா ஒரே பெட்டியாக் கட்டவா, இல்லாட்டி லோட்டைப் பாத்து தானா ஏறி இறங்கிற பனல் எடுக்கவா? சோட்டரும் கொம்பிரசரும் மட்டும் ஓடுற நேரம் முழுக் கபாசிட்டரும் கிடந்தா பவர் ஃபக்டர் மற்றப் பக்கம் போயிடும் எண்டு ரிவைண்டிங் கடைக்காரர் பயப்படுத்திறார். மற்றது, சித்திரைக்கு வரேக்க ஒரு நல்ல கிளாம்ப் மீட்டர் கொண்டு வா, என்டதை மொட்டையன் கிணத்துக்க போட்டுட்டான், எப்பிடி எண்டு அவன்ட வாயால கேள்.

உன்ட,
மில்லுக்காரன்