சுங்கை சிப்புட் வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களே, வணக்கம்.

நான் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு இன்றும் ஆட்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒருவருடைய கணக்கைத்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை.

அவர் செம்பனைப் பழ லோரி ஓட்டும் தம்பி. வீட்டுக் கடனுக்கு மாதம் 520 வெள்ளி, ஒவ்வொரு முதல் தேதியும் கட்ட வேண்டும். ஜனவரியில் மழை, வேலை குறைவு, கட்டவில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் கட்டினார். ஏப்ரலில் அம்மாவின் வைத்தியச் செலவு, கட்டவில்லை. மே கட்டினார். ஜூனில் மறுபடி முடியவில்லை. ஜூலை ஐந்தாம் தேதி வழக்கம்போல் 520 கட்டினார். அதற்குள் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது.

"ஐயா, நான் தொடர்ந்து ரெண்டு மாசம்கூட விட்டதில்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் வங்கியின் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. கட்டும் பணம் இருப்பதிலேயே பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும். பிப்ரவரியில் கட்டியது ஜனவரியை அடைத்தது. மார்ச்சில் கட்டியது பிப்ரவரியை அடைத்தது. மே மாதப் பணம் மார்ச்சுக்குப் போனது. ஆக ஜூனில் ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் திறந்தே கிடந்தன. ஜூலை முதல் தேதி வந்தபோது ஏப்ரல் தவணைக்கு 91 நாள். 90 நாளைத் தாண்டினால் அந்தக் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டும் என்பது உங்களுக்குள்ள விதி. விட்ட மாதங்கள் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை, சேர்ந்தால் போதும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதைவிட வேதனை என்னவென்றால், ஜூலைக்குப் பிறகு மாதம் தவறாமல் 520 கட்டியும் அவர் அதே இடத்தில்தான் நின்றார். ஒரு தவணை அடைபடும்போது இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. மூன்று மாத பாக்கி மூன்று மாத பாக்கியாகவே இருக்கும். பாக்கி 1,560 வெள்ளியைத் தவணைக்கு மேல் தனியாகக் கொடுத்தால்தான் அது இறங்கும்.

வாராக்கடன் என்ற சொல்லைக் கேட்டு, வங்கி கைகழுவிவிட்டது என்று நினைப்பவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அப்படி இல்லை. வங்கி தன் புத்தகத்தில் நஷ்டத்துக்கு ஒதுக்கீடு வைக்கிறது, அவ்வளவுதான். கடனும் வட்டியும் அவர் தலையில் அப்படியே இருக்கின்றன. கோப்பு மட்டும் கிளையை விட்டு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அதன்பின் கவுண்டரில் தெரிந்த முகத்திடம் பேசி ஒன்றும் ஆகாது.

எல்லா வங்கிக் கடன் விவரமும் பதிவாகும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் கடந்த 12 மாதமும் எத்தனை தவணை பாக்கி என்ற எண் மாதாமாதம் தெரியும். மகள் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் கேட்டபோது, வேறொரு வங்கி அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவருக்கு இல்லை என்றது.

அடுத்த கட்டம் வீடு. நிலச் சட்டப்படி 16டி பாரம் அனுப்பி, பாக்கியைத் தீர்க்க வங்கி ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதற்குள் தீர்க்காவிட்டால் முழுக் கடனும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டியதாகிவிடும். அதற்குப் பிறகு 520 எடுத்துக்கொண்டு வந்தால் போதாது. வீடு லேலோங்கில், அதாவது ஏலத்தில் போகும். விற்ற பணம் பத்தவில்லை என்றால் மீதியையும் அவரேதான் கட்ட வேண்டும். இவருக்கு வந்த முதல் எச்சரிக்கைக் கடிதங்கள் பழைய லயத்து முகவரிக்குப் போயிருக்கின்றன. லயத்தை இடித்து வருடங்கள் ஆகின்றன.

கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. நிறுவனத்திடம் இலவச ஆலோசனை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இவருக்கு அது அக்டோபரில்தான் தெரிந்தது. இரண்டாவது தவணை பாக்கியானபோதே தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டியிருந்தால் கணக்கு கெட்டிருக்காது. கெட்ட பிறகு மாற்றி எழுதினால், அதன்பின் குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிக் காட்டினால்தான் அந்த வகைப்பாடு நீங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இரண்டு தவணை சேர்ந்த அன்றே ஒரு போன் செய்யுங்கள். "உங்கள் கணக்கில் இத்தனை தவணை பாக்கி, இந்தத் தேதியில் 90 நாள் தாண்டுகிறது, அதற்குள் இவ்வளவு கட்ட வேண்டும், முடியாவிட்டால் இப்போதே வந்து பேசுங்கள்" என்று தமிழில் சொல்ல ஒரு ஆள் உங்கள் கிளையில் இருக்கட்டும். அதோடு, தோட்டத்து முகவரி வைத்திருக்கும் கணக்குகளை எடுத்து, அவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டுத் திருத்துங்கள். கூப்பிட்டால் நானும் வந்து உட்கார்ந்து உதவுகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஒரு முன்னாள் கிராணி